மணியடிக்கும் நேரத்தில் வரும் கழிவுநீர்

பள்ளி வளாகத்துக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வரும் வடிவமைப்பு அறிக்கைகளில் முதல் பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை மாணவர்கள், தலைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர், ஆகவே இத்தனை கிலோலிட்டர் திறனுள்ள நிலையம். அடுத்த பக்கத்திலேயே தொட்டிகளின் அளவும் மோட்டார்களின் குதிரைத்திறனும் வந்துவிடும். பெருக்கலில் தப்பிருக்காது. ஆனால் இந்தக் கணக்கை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் அப்படியே எழுதித் தரலாம். பள்ளியின் கழிவுநீர் குடியிருப்பின் கழிவுநீர் அல்ல. வரும் நேரம் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு, வராமல் போகும் நாட்களும் வேறு. இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காத நிலையம் திறப்பு விழா அன்று நன்றாக ஓடும். அடுத்த ஆறு மாதத்தில் நாறும்.

ஒரு வளாகத்தை வைத்தே இதைப் பார்ப்போம். 1,000 மாணவர்கள், அவர்களில் 200 பேர் விடுதியில் தங்குகிறார்கள். ஆசிரியர்களும் பணியாளர்களுமாக 60 பேர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, விடுதி இல்லாத பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டரும் தங்கிப் படிக்கும் இடத்துக்கு 135 லிட்டரும் தண்ணீர் என்கிறது. இங்கே முதல் கவனம் தேவை. விடுதிப் பிள்ளைகளை 135 லிட்டரிலும் சேர்த்து, மறுபடி 1,000 மாணவர் கணக்கில் 45 லிட்டரிலும் சேர்க்கும் அறிக்கைகள் உண்டு. ஒரே பிள்ளையை இரு முறை எண்ணக்கூடாது. வந்துபோகிறவர்கள் 860 பேர், 45 லிட்டர் வீதம் 38,700 லிட்டர். விடுதியில் 200 பேர், 135 லிட்டர் வீதம் 27,000 லிட்டர். மொத்தத்தில் 80 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 52,600 லிட்டர் கழிவுநீர். கொஞ்சம் கூடுதல் வைத்து 60 கிலோலிட்டர் நிலையம் என்று அறிக்கை முடிவு செய்யும். அதுவரை சரி.

இனி கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 52,600 லிட்டரை 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு 2,200 லிட்டர். சிறிய குடியிருப்புகளுக்கு உச்ச நேர ஓட்டம் சராசரியைப்போல 3 மடங்கு என்று மத்திய அரசின் சாக்கடைத் திட்டக் கையேடு சொல்கிறது. பள்ளியில் அது எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலை இன்டர்வெல் 15 நிமிடம். அந்தக் கால் மணி நேரத்தில்தான் 800 பிள்ளைகளும் கழிப்பறை வரிசையில் நிற்கிறார்கள். பகல்நேரக் கழிவுநீர் 31,000 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அப்போது வருகிறது என்று வைத்தால்கூட, 15 நிமிடத்தில் 6,000 லிட்டருக்கு மேல். சராசரிப்படி அந்தக் கால் மணியில் வர வேண்டியது 550 லிட்டர். உச்சம் 3 மடங்கு அல்ல, 11 மடங்கு. மதிய உணவு நேரத்தில் இன்னொரு அலை.

இந்த அலையை நுண்ணுயிர்த் தொட்டிக்குள் நேராக விட்டால், அங்கே வளர்ந்த நுண்ணுயிர்கள் தெளிவுத் தொட்டி வழியாக வெளியே அடித்துச் செல்லப்படும். அதனால்தான் முதலில் ஒரு பெரிய தொட்டியில் கழிவுநீரைத் தேக்கி, அங்கிருந்து பம்ப் வைத்து இரவும் பகலும் ஒரே சீராக அனுப்புகிறார்கள். களத்தில் ஈக்வலைசேஷன் டேங்க் என்பார்கள். நாம் சமன் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் பேக்கேஜ் நிலையங்களில் இந்தத் தொட்டிதான் முதலில் சுருங்கும். லாரியில் ஏற்ற வேண்டும், விலையும் குறைய வேண்டும். ஆறு மணி நேரச் சராசரி ஓட்டம் கொள்ளும் தொட்டி போதும் என்று எழுதிவிடுவார்கள். நம் கணக்கில் அது 13,000 லிட்டர்.

போதுமா என்று பார்க்க ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும். காலை 5.30க்குத் தொட்டி காலி என்று தொடங்குவோம். 8.30க்குள் விடுதியின் குளியலும் காலைக்கடனுமாக 10,000 லிட்டர் வரும். பம்ப் 6,600 லிட்டரை வெளியேற்றியிருக்கும். மீதி 3,400. மதிய இடைவேளை முடியும் 1.20க்குள் பள்ளியின் பங்கில் பத்தில் ஏழு பகுதியும் விடுதியிலிருந்து கொஞ்சமும் சேர்ந்து 22,500 லிட்டர் வந்திருக்கும். வெளியே போனது 10,600. தேங்கியது 15,300 லிட்டர். அதாவது பிள்ளைகள் கை கழுவி வகுப்புக்குத் திரும்புவதற்குள் 13,000 லிட்டர் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. மாலை 4 மணிக்கு இந்த எண் 19,500ஐத் தொட்டு, அதன் பிறகு இரவு முழுக்க மெல்ல வடிந்து, விடியலில் மறுபடி காலியாகும். எனவே இந்த வளாகத்துக்கு வேண்டியது குறைந்தது 25,000 லிட்டர் தொட்டி. அறிக்கையில் இப்படி மணிவாரியாக ஒரு அட்டவணை இருக்கிறதா என்று தாளாளர் முதலில் தேட வேண்டும். அது இல்லையென்றால் தொட்டியின் அளவு யாரோ ஊகித்து எழுதியது என்று பொருள்.

இந்தத் தொட்டி தேக்கி வைப்பதோடு நிற்கக்கூடாது. அடியில் காற்றுக் குழாய் ஓட வேண்டும். காற்று இல்லாமல் இரவெல்லாம் கிடந்தால் கழிவுநீர் அழுகி, அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். அந்த வாயு ஆளைக் கொல்லும்.

இரண்டாவது விஷயம், கழிவுநீருக்குள் என்ன இருக்கிறது என்பது. வீட்டுக் கழிவுநீரில் குளியல், துணி துவைத்தல், சமையல், மலம், சிறுநீர் எல்லாம் கலந்து வரும். பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலேயே குளித்து, காலைக்கடன் முடித்து வருகிறார்கள். பள்ளியில் அவர்கள் விடுவது பெரும்பாலும் சிறுநீர். நம் உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரில்தான் போகிறது. ஆகவே பள்ளிக் கழிவுநீரில் அழுகும் கரிமப் பொருள் குறைவாகவும் அமோனியா அதிகமாகவும் இருக்கும்.

கரிமப் பொருளை பிஓடி என்ற அளவால் குறிப்பார்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அந்த அளவு. கையேட்டின்படி ஒருவர் நாளொன்றுக்கு 27 கிராம் பிஓடியும் 5.4 கிராம் நைட்ரஜனும் கழிவில் சேர்க்கிறார். விடுதிப் பிள்ளைகளுக்கு அதை முழுதாக எடுக்கலாம். பகலில் மட்டும் இருப்பவர்களுக்கு பிஓடியில் மூன்றில் ஒரு பங்கு, 9 கிராம் என்று வைப்போம். நைட்ரஜனை அப்படி மூன்றில் ஒன்றாகக் குறைக்க முடியாது, 2.5 கிராம் வைப்பதுதான் பாதுகாப்பான அனுமானம். கூட்டினால் நாளொன்றுக்கு பிஓடி 13.1 கிலோ, நைட்ரஜன் 3.2 கிலோ. லிட்டருக்குக் கணக்கிட்டால் பிஓடி 250 மில்லிகிராம், வீட்டுக் கழிவுநீர் போலவேதான். நைட்ரஜன் மட்டும் வீட்டில் 50 என்றால் இங்கே 61.

இதைக் கிலோவில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைக்கு 45 லிட்டர் என்பது விதித்தொகுப்பின் எண். தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊரில், குழாயைச் சிக்கனமாகத் திறக்கும் பள்ளியில், உண்மையில் 20 லிட்டர்தான் கழிவாக வரக்கூடும். அப்போது மொத்தக் கழிவுநீர் 39,000 லிட்டராகச் சுருங்கும். அதில் இருக்கும் நைட்ரஜன் அதே 3.2 கிலோதான்; லிட்டருக்கு 83 மில்லிகிராமாக ஏறியிருக்கும். ‘தண்ணீர் குறைவாகத்தானே வருகிறது, நிலையத்துக்கு வேலை குறைவு’ என்று சொல்வது இதனால்தான் தவறு. நுண்ணுயிர்களுக்கு வேலை கிலோவில், பம்புக்குத்தான் லிட்டரில்.

இப்போது மறுமுனையில் வெளியேறும் நீருக்கான வரம்பு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017ஆம் ஆண்டு அறிவிக்கையில், பெருநகரங்களுக்கு வெளியே பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். நைட்ரஜனுக்கு வரம்பே இல்லை. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மிகக் கடுமையான அளவுகளை வலியுறுத்தியது: பிஓடி 10, மிதக்கும் திடப்பொருள் 20, மொத்த நைட்ரஜன் 10, மொத்த பாஸ்பரஸ் 1. ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கு எது பொருந்தும் என்பதை மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணைதான் சொல்லும். அறிக்கை எழுதுபவர் அந்த ஆணையின் நிபந்தனைகளை முன்னால் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். 30க்கு வடிவமைத்த நிலையத்தைப் பின்னால் 10க்குக் கொண்டுவர ஒரு மணல் வடிகட்டி சேர்த்து ஒப்பேற்றலாம். நைட்ரஜன் அப்படி வடிகட்டியில் நிற்காது. அதற்கு வேறு தொட்டி, வேறு குழாய், வேறு கணக்கு. கடுமையான வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம்.

அமோனியாவை நீக்குவது இரண்டு கட்ட வேலை. காற்று ஊதும் தொட்டியில் ஒரு வகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். பிறகு காற்றே ஊதாத இன்னொரு தொட்டியில் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வானத்தில் விடும். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு உணவாகக் கரிமப் பொருள் வேண்டும் என்பதால், காற்றில்லாத் தொட்டியை முன்னால் வைத்து, காற்றுத் தொட்டியின் நீரைத் திரும்பத் திரும்ப அதற்குள் அனுப்புவார்கள். 10 என்ற வரம்பைத் தொட, வரும் நீரைப்போல ஏறக்குறைய 5 மடங்கு நீரைத் திருப்ப வேண்டியிருக்கும். அறிக்கையில் அந்தத் திருப்பு பம்பே இல்லாமல், மொத்த நைட்ரஜன் 10க்குக் கீழ் வரும் என்று எழுதியிருந்தால் அந்த வரியை நம்பாதீர்கள்.

அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை, நிறைய ஆக்சிஜன் கேட்பவை. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். பேக்கேஜ் நிலையங்களில் இப்போது பரவலாக இருப்பது, பல் சக்கரம் போன்ற சிறு பிளாஸ்டிக் வில்லைகளைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு அவற்றின் மேல் நுண்ணுயிர்ப் படலம் வளர்க்கும் முறை. வில்லைகளை மீடியா என்பார்கள். நம் வளாகத்தின் பிஓடியை மட்டும் பார்த்தால் சுமார் 6 கன மீட்டர் மீடியா போதும். அமோனியாவையும் சேர்த்தால் 12 கன மீட்டர் வேண்டும். விலைப்புள்ளியில் மலிவாக வரும் நிறுவனம் பெரும்பாலும் முதல் எண்ணை வைத்திருக்கும். பிஓடி வரம்புக்குள் வந்துவிடும், தண்ணீரும் கண்ணாடி போல் இருக்கும். அமோனியா மட்டும் அப்படியே வெளியே போகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல அறிக்கைகளில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. அமோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உருவாகிறது. அதை ஈடுகட்டுவது தண்ணீரின் காரத்தன்மை. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். நம் கணக்கில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரஜனை மாற்ற வேண்டும் என்றால் 320 மில்லிகிராம் செலவு. ஆழமான போர்வெல்லின் கடினத் தண்ணீரைப் பயன்படுத்தும் பள்ளியில் இது பெரும்பாலும் பிரச்சினையாகாது. குழாய் வழியாக ஆற்று நீர் வரும் பள்ளியில் காரத்தன்மை 150 என்று வைப்போம். சிறுநீரின் யூரியா சிதையும்போது இன்னொரு 160 சேரும். மொத்தம் 310, செலவு 320. கையிருப்பு தீர்ந்துவிடும், பிஎச் 6க்குக் கீழே சரியும், அமோனியா நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். காற்றில்லாத் தொட்டி சரியாக ஓடினால் நைட்ரேட் வாயுவாகும்போது செலவான காரத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இங்கே ஏறக்குறைய 130. அதுதான் நிலையத்தைக் காப்பாற்றுகிறது. சுத்திகரித்த நீரையே மறுபடி கழிப்பறைக்கு விடும் பள்ளியில் இந்தக் கையிருப்பு இன்னும் குறையும், ஏனென்றால் ஒரு முறை காரம் இழந்த நீர்தான் திரும்பிச் சுற்றுகிறது. அதனால் சோடா உப்புக் கரைசல் சேர்க்க ஒரு சிறு தொட்டியும் டோசிங் பம்பும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது விஷயம் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து மட்டும் 21,600 லிட்டர் வரும். பம்ப் வார நாள் வேகத்திலேயே ஓடினால் சமன் தொட்டி வற்றும். புளோயரும் அதே வேகத்தில் ஊதினால் பட்டினி கிடக்கும் நுண்ணுயிர்த் திரள்கள் உடைந்து, தூள் தூளாக வெளியேறித் தண்ணீரைக் கலக்கும். பம்புக்கும் புளோயருக்கும் வேகத்தைக் குறைக்கும் கருவி வேண்டும். ஞாயிறுக்கு ஒரு அமைப்பு, வார நாளுக்கு ஒரு அமைப்பு.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை விடுதியும் மூடியிருந்தால் நிலைமை இன்னும் கடினம். அந்த நாட்களில் ஆபரேட்டர்கள் சாணிக் கரைசலும் வெல்லமும் ஊற்றி நுண்ணுயிர்களை உயிரோடு வைக்கப் பார்ப்பார்கள். பிஓடியைத் தின்னும் கூட்டத்துக்கு அது உணவுதான். அமோனியாவை மாற்றும் கூட்டம் வெல்லத்தைத் தொடாது. அதற்கு அமோனியாவே வேண்டும். கொஞ்சம் யூரியாவும் சோடா உப்பும் கரைத்து ஊற்றி, புளோயரை மணிக்குக் கால் மணி நேரம் ஓட்டினால் அது தாக்குப்பிடிக்கும். இல்லையென்றால் பள்ளி திறப்பதற்கு முன்பே, நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து கசடு கொண்டுவந்து விட வேண்டும். எதுவும் செய்யாமல் திறந்தால் அமோனியா வரம்புக்குள் வரப் பல வாரங்கள் பிடிக்கும்.

நிலையம் சரியாக ஓடவில்லை என்பதை ஆய்வக அறிக்கை வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் அமோனியா, நைட்ரேட், பிஎச் சோதனைப் பெட்டிகள் தினசரிப் பார்வைக்குப் போதும். அமோனியா அதிகமாக இருந்தால் நீரை முதலில் நீர்க்கச் செய்து பார்க்க வேண்டும். அமோனியா அதிகம், பிஎச் குறைவு என்றால் காரம் தீர்ந்திருக்கிறது. அமோனியா அதிகம், பிஎச் சரி என்றால் காற்றோ மீடியாவோ போதவில்லை, அல்லது கழிப்பறை கழுவ ஊற்றிய ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ மொத்தமாக வந்து நுண்ணுயிர்களைக் கொன்றிருக்கிறது. சனிக்கிழமை பெரும் சுத்தம் செய்யும் பள்ளிகளில் திங்களன்று இது தெரியும். அமோனியா இல்லை, நைட்ரேட் அதிகம் என்றால் திருப்பு பம்பைப் பாருங்கள். தெளிவுத் தொட்டியில் பழுப்புக் கசடு திட்டுத்திட்டாகக் குமிழிகளோடு மேலே மிதந்தால் அதுவும் நைட்ரேட்டின் வேலைதான்: அடியில் தங்கிய கசடுக்குள் நைட்ரேட் வாயுவாகி, கசடையும் தூக்கிக்கொண்டு வருகிறது. கசடை அடிக்கடி வெளியேற்றினால் நிற்கும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் சமையலறையின் கொழுப்புப் பொறி நிறைந்து கிடக்கிறது.

பள்ளி என்பதால் அறிக்கையில் இருந்தே ஆக வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மூடியும் ஒரு பிள்ளையால் தூக்க முடியாத எடையோடு பூட்டும் வைத்ததாக இருக்க வேண்டும். மூடிக்குக் கீழே ஒரு கம்பி வலையும் வேண்டும். பழுதானாலும் ஆள் இறங்காமல் பம்பைச் சங்கிலியால் மேலே இழுக்கும்படியாக அமைப்பு இருக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறங்கவே தேவைப்படாத வடிவமைப்புதான் ஏற்கத்தக்கது. இதில் விலை பேசக்கூடாது.

சுத்தமான நீர் எங்கே போகும் என்பதையும் அறிக்கை வருடம் முழுவதற்கும் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் பகலில் தலைக்கு 20, விடுதிக்கு 45 லிட்டர் என்றால் மொத்தம் 26,000 லிட்டர் அங்கேயே செலவாகும். மீதி 26,000 லிட்டருக்கு ஒன்றேகால் ஏக்கருக்கும் குறையாத தோட்டம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தோட்டம் தண்ணீர் கேட்காது. அந்த மாதங்களுக்குத் தேக்கத் தொட்டியா, அனுமதி பெற்ற வெளியேற்றமா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத இடத்தில் அந்த நீர் பக்கத்து வயலுக்குள் போகிறது, புகாரும் வருகிறது.

கடைசியாக, ஒப்பந்தத்தில் உத்தரவாதத்தை எப்படி எழுதுவது என்பது. ‘நாளொன்றுக்கு 60 கிலோலிட்டர், வெளியேறும் பிஓடி 10க்குக் கீழ்’ என்ற ஒற்றை வரி போதாது. நாளொன்றுக்கு பிஓடி 13.1 கிலோ, நைட்ரஜன் 3.2 கிலோ வந்தாலும், 11 மடங்கு உச்சம் வந்தாலும் வரம்புக்குள் இருக்கும் என்று எழுத வாங்க வேண்டும். மாதிரி எடுக்கும் முறையையும் அதிலேயே குறிக்க வேண்டும்: பள்ளி முழுமையாக நடக்கும் ஒரு வார நாளில், 24 மணி நேரமும் மணிக்கொரு முறை எடுத்துக் கலந்த மாதிரி. அதே சோதனையை ஒரு திங்கட்கிழமையும், ஜூன் திறப்புக்குப் பிறகு நான்காவது வாரத்திலும் மறுபடி செய்ய வேண்டும். கடைசித் தவணைப் பணம் அந்த மூன்று ஆய்வறிக்கைகளும் வந்த பிறகுதான் என்று எழுதிவிட்டால், சமன் தொட்டியும் மீடியாவும் தாமாகவே பெரிதாகிவிடும்.